வாய் 14 மி.மீ. மட்டுமே திறக்கும்போது

புற்றுநோய் அறுவை அரங்கில் வேலை செய்யும் எந்த மயக்க மருத்துவருக்கும் இந்த நோயாளி புதியவர் அல்ல. நாற்பதைத் தாண்டிய வயது. பல வருடங்களாகப் பாக்கு, பான் மசாலா, மாவா என்று ஏதோ ஒன்றைக் கன்னத்தில் அடக்கி வைத்த பழக்கம். கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண். வாயைத் திறக்கச் சொன்னால் ஒரு விரல் நுழையவே திணறும். அறுவைச் சிகிச்சை நிபுணர் அந்தப் புண்ணைப் பார்க்கிறார். மயக்க மருத்துவர் பார்ப்பது அந்த இடைவெளியை.

வாய் திறப்பை அளப்பதை மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவது சுலபமா கஷ்டமா என்று தெரிந்துகொள்ளும் ஒரு சோதனையாக மட்டும் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த நோயாளியிடம் அந்த எண் அதைவிடப் பெரிய செய்தியைச் சொல்கிறது. முதல் திட்டம் தோற்றால் கைகொடுக்க வேண்டிய இரண்டாம், மூன்றாம் திட்டங்களும் அதே இடைவெளி வழியாகத்தான் போக வேண்டும். திறப்பு குறையக் குறைய அவை ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகின்றன. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் அளப்பது எப்படி என்று பார்ப்போம். நோயாளியை உட்கார வைத்து, முடிந்த மட்டும் வாயைத் திறக்கச் சொல்லி, மேல் முன்பல்லின் விளிம்புக்கும் கீழ் முன்பல்லின் விளிம்புக்கும் நடுவே ஸ்கேலை நிறுத்தி அளக்க வேண்டும். பல் இல்லாதவர்களுக்கு ஈறிலிருந்து ஈறு வரை. "மூணு விரல் போகுதா" என்று கேட்பது வார்டில் வேகமாகப் பார்க்க உதவும், ஆனால் அது நோயாளியின் சொந்த விரலாக இருக்க வேண்டும். சந்தேகம் வந்துவிட்டால் விரலை விட்டுவிட்டு மி.மீ.யில் எழுதுங்கள். "வாய் திறப்பு குறைவு" என்ற குறிப்பு அடுத்து வருபவருக்கு எதையும் சொல்லாது. 22 என்பதும் 12 என்பதும் வேறு வேறு உலகங்கள்.

அளக்கும்போது தலை எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். வாயை அகலத் திறக்கும்போது யாராக இருந்தாலும் தலை தன்னையறியாமல் கொஞ்சம் பின்னால் சாயும். தலையைக் குனிந்த நிலையில் பிடித்துக்கொண்டால் வாய் அவ்வளவு திறக்காது. நீங்களே இப்போது செய்து பார்க்கலாம். ஆகவே கழுத்து அசைவு குறைந்தவருக்கு வாய் திறப்பும் கூடவே குறையும். கழுத்தில் காலர் போட்டவரின் வாய் சரியாகத் திறக்காததற்கும் இது ஒரு காரணம். நேர் நிலையில் ஒன்று, பின்னால் சாய்த்து ஒன்று என இரண்டு அளவு எடுத்து வைப்பது நல்லது.

அடுத்ததாக, ஏன் திறக்கவில்லை என்று தெரிய வேண்டும். என் பார்வையில் இந்த மதிப்பீட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரே 14 மி.மீ. இரண்டு பேரிடம் இருக்கலாம். ஒருவருக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ், நான்கு நாளாக வலி, வீக்கம். தாடைத் தசை வலியால் இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவர் மயங்கி, தசைத் தளர்வு மருந்தும் வேலை செய்தபின் வாய் திறக்க வாய்ப்பு உண்டு. இன்னொருவருக்குக் கன்னமே நாராக மாறியிருக்கிறது. தசையை எவ்வளவு தளர்த்தினாலும் இவர் வாய் 14 மி.மீ.யைத் தாண்டாது. தளர்வு மருந்து தசைக்குத்தான். நாருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இந்த இரண்டு பேரையும் ஒரே தலைப்பில் போட்டு வைப்பதால்தான் விபத்து நடக்கிறது. "மயங்கினா திறந்துடும்" என்று நம்பி மருந்து கொடுத்தபின், அதே இடைவெளியை வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டி வரும்.

பாக்கில் உள்ள அரிகோலின் போன்ற பொருட்கள் வாயின் உள்தோலுக்கு அடியில் கொலாஜனைப் பெருக்குகின்றன. அந்தக் கொலாஜன் சாதாரணமாகக் கரைந்து புதுப்பிக்கப்படுவதும் தடைப்படுகிறது. விளைவு, சளிச்சவ்வுக்கு அடியில் நார் படிந்து கெட்டியாவது. இதற்கு ஓரல் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். முக்கியக் குற்றவாளி புகையிலை அல்ல, பாக்குதான். புகையிலை கலக்காத பான் மசாலா மட்டும் போட்டவருக்கும் இது வரும். பழக்கத்தை விட்டாலும் படிந்த நார் தானாகப் போகாது. இதன் மேலேயே புற்றும் வளரலாம் என்பதால்தான் இவர்கள் இவ்வளவு பேர் புற்றுநோய் அரங்குக்கு வருகிறார்கள்.

வலியால் மூடிய வாயையும் நாரால் மூடிய வாயையும் படுக்கையருகிலேயே பெரும்பாலும் பிரித்துவிடலாம். "எப்போ இருந்து இப்படிங்க?" என்று கேட்டால் ஒருவர் நாள் கணக்கில் சொல்வார், மற்றவர் வருடக் கணக்கில். "காரம் பட்டா எரியுதா? சோத்தை உருட்டி வாயில போட முடியுதா? பிரஷ் கடைவாய் வரைக்கும் போகுதா?" இந்த மூன்று கேள்விக்கும் வரும் பதிலில் பாதி நோய் தெரிந்துவிடும். நார் படிந்த கன்னம் வெளிறிப்போய்ப் பளிங்கு போல இருக்கும். கையுறை போட்ட விரலை வாயோரமாக நுழைத்துக் கன்னத்தின் உள்பக்கம் தடவினால் மேலிருந்து கீழாக ஓடும் கயிறு போன்ற பட்டைகள் விரலில் படும். வாயை மெல்லக் கையால் திறந்து பார்க்கும்போது வலியால் மூடியவர் முகம் சுளித்துத் தடுப்பார். நாரால் மூடியவருக்குப் பெரிய வலி இருக்காது, ஓர் இடத்தில் கெட்டியாக நின்றுவிடும்.

நடுவில் விழும் சிலரும் உண்டு. பல வாரங்களாக நீடித்த தொற்றில் தசையே இறுகிப்போயிருக்கலாம். கதிர்வீச்சு வாங்கிய தாடைத் தசையும் நாராகிவிடும். தாடை மூட்டு ஒட்டிப்போனவர் சிறு வயதிலிருந்தே அப்படி இருப்பார், காதுக்கு முன்னால் விரல் வைத்தால் மூட்டு நகர்வதே தெரியாது. உறுதியாகச் சொல்ல முடியாத ஒவ்வொருவரையும் திறக்காத வாயாகவே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

இனி அந்த எண் எதையெல்லாம் பறிக்கிறது என்று கீழ்நோக்கி வருவோம். 30 மி.மீ.க்குக் குறைந்தால் சாதாரண லாரிங்கோஸ்கோப் பிளேடையும் அதன் பக்கத்தில் டியூபையும் நுழைத்து, குரல்வளையையும் பார்ப்பது சிரமமாகத் தொடங்கும். வீடியோ லாரிங்கோஸ்கோப்புக்குக் கொஞ்சம் குறைந்த இடம் போதும், ஆனால் அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. கிங் விஷன் கருவியை எடுத்துக்கொண்டால், டியூப் போகும் தடம் உள்ள பிளேடுக்கு 18 மி.மீ., தடம் இல்லாததற்கு 13 மி.மீ. குறைந்தபட்சம் வேண்டும். பிளேடு நுழைந்துவிட்டது என்பதற்காக மகிழவும் முடியாது, அதன் பக்கத்தில் டியூபும் போக வேண்டும். 20 மி.மீ.க்கு அருகே வந்துவிட்டால், குரல்வளைக்கு மேலே உட்கார்ந்து காற்றுத் தரும் ஐ-ஜெல், எல்எம்ஏ போன்றவை உள்ளே போகுமா என்பதே சந்தேகம். அதற்கும் கீழே வந்தால் நாக்கைத் தூக்கிப் பிடிக்கும் கெடெல் ஏர்வே கூடப் போகாது. வாந்தியோ ரத்தமோ வந்தால் தடித்த உறிஞ்சு குழாயையும் தொண்டை வரை கொண்டுபோக முடியாது.

14 மி.மீ. வாய்க்கு மிஞ்சுவது மூக்கும் கழுத்தின் முன்பக்கமும் மட்டுமே. மாஸ்க்கில் காற்றுத் தள்ள முடியும் என்பது உண்மைதான். ஆனால் அது தோற்றால் அடுத்து பிடித்துக்கொள்ள ஒரு கிளையும் இல்லை. சாதாரண நோயாளிக்கு மாஸ்க் தோற்றால் ஐ-ஜெல் இருக்கிறது. இவருக்கு மாஸ்க் தோற்றால் நேராகக் கத்திதான்.

கழுத்தையும் பார்க்க வேண்டும். ஒரு விரலைத் தாடை நுனியிலும் இன்னொரு விரலைப் பின்மண்டை மேட்டிலும் வைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லுங்கள். தாடை விரல் பின்மண்டை விரலைவிட மேலே போனால் அசைவு சரி. இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றால் குறைவு. தாடை விரல் கீழேயே இருந்தால் மிகக் குறைவு. இதில் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. டியூப் போடும்போது முக்கியமாக வேண்டியது மண்டையோடும் முதல் கழுத்தெலும்பும் சேரும் இடத்தின் அசைவு. அது பூட்டிப்போனவர் கீழ்க்கழுத்தையும் முதுகையும் வளைத்து மேலே பார்த்துவிடுவார். தோள்பட்டையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சாய்க்கச் சொன்னால் இது வெளிப்படும். தாடைக்கு அடியில் உள்ள மென்பகுதியையும் விரலால் அழுத்திப் பாருங்கள். கதிர்வீச்சு வாங்கிய கழுத்து மரப்பலகையாக இருக்கும். நாக்கை ஒதுக்கிவைக்க அங்கே இடம் கிடைக்காது. கழுத்து வழியாக அவசரமாக மூச்சுக்குழாயைத் திறக்க நேர்ந்தாலும் அதே கழுத்து சோதிக்கும்.

மல்லம்பட்டி வகுப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1985-ல் சேஷகிரி மல்லம்பட்டி வெளியிட்ட இந்தச் சோதனை, வாயை முழுதாகத் திறந்து நாக்கை நீட்டும்போது உள்நாக்கும் தொண்டையும் எவ்வளவு தெரிகின்றன என்று பார்க்கிறது. 1987-ல் சாம்சூனும் யங்கும் நான்காம் வகுப்பைச் சேர்த்தார்கள். வாயே திறக்காதவருக்கு "மல்லம்பட்டி 4" என்று எழுதுவதில் புதிதாக எந்தத் தகவலும் இல்லை. அங்கே பார்க்கும் வழியே மூடியிருக்கிறது. அந்த இடத்தில் நாக்கு எவ்வளவு வெளியே வருகிறது, கீழ்ப்பல்லால் மேலுதட்டைக் கடிக்க முடிகிறதா, குரல் மாறியிருக்கிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று எழுதுங்கள். சிடி ஸ்கேன் எடுத்திருந்தால் அதை ரிப்போர்ட்டில் படித்தால் போதாது, படத்தையே விரித்து மூக்கிலிருந்து குரல்வளை வரை கண்ணால் நடந்து பாருங்கள்.

இப்போது ஒருவரை எடுத்துக்கொள்வோம். 48 வயது, 60 கிலோ. வலது கன்னத்தில் புற்று, வலது தாடைக்கடியில் நெறிக்கட்டி. நேர் நிலையில் வாய் 12 மி.மீ., பின்னால் சாய்த்தால் 14. கழுத்து அசைவு நன்றாக இருக்கிறது. தாடை நுனியிலிருந்து குரல்வளை மேடு வரை 7 செ.மீ., அதுவும் போதுமானது. கதிர்வீச்சு வாங்கவில்லை. மேலுதட்டைக் கடிக்க முடியவில்லை. கன்னத்தில் பட்டைகள் கையில் படுகின்றன. அறுவை வாயில் நடப்பதால் டியூப் எப்படியும் மூக்கு வழியாகத்தான் போக வேண்டும்.

இவருக்கு என் தேர்வு, விழித்த நிலையிலேயே மூக்கு வழியாக ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப்பின் மேல் டியூப் போடுவது. மயக்கியபின் மாஸ்க்கில் காற்றுத் தள்ளிக்கொண்டே ஸ்கோப் போடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. கை பழகியவர்கள் அதைச் செய்தும் காட்டுவார்கள். ஆனால் மயங்கியவரின் நாக்கும் தொண்டைத் தசையும் சரிந்து ஸ்கோப்புக்கு முன்னால் இருக்கும் இடத்தை மூடும். விழித்திருப்பவரிடம் அந்த இடம் திறந்தே இருக்கிறது, மூச்சையும் அவரே பார்த்துக்கொள்கிறார். முடியாவிட்டால் ஸ்கோப்பை வெளியே எடுத்துவிட்டு யோசிக்க நேரம் இருக்கிறது. இந்தக் கடைசி வசதிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

முதல் நாளே நோயாளியிடம் பேச வேண்டும். "ஐயா, மூக்கு வழியா ஒரு மெல்லிசான கேமரா விட்டு, அது மேலயே குழாயைப் போடுவோம். மரத்துப்போக மருந்து நிறைய விடுவோம், இருமல் வரும், வலி பெரிசா இருக்காது. குழாய் போய்ச் சேர்ந்த உடனே தூங்க வச்சிடுவோம்." இவ்வளவு சொன்னால் போதும். இரண்டு மூக்கையும் மாற்றி மாற்றி மூடச் சொல்லி எந்தப் பக்கம் காற்று நன்றாகப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தாடி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், மாஸ்க் கசியாமல் இருக்க.

காலையில் கிளைக்கோபைரோலேட் 0.2 மி.கி., அரங்குக்கு வருவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பு. எச்சில் வற்றினால்தான் மரப்பு மருந்து சளிச்சவ்வில் ஒட்டும், லென்ஸும் மங்காது. மூக்கில் ஸைலோமெட்டாசோலின் சொட்டு, ரத்தக்குழாய்கள் சுருங்க. இதை அவசரத்தில் விட்டுவிட்டால் மூக்கில் ரத்தம் வரும். ரத்தம் வந்த தொண்டையில் ஸ்கோப்பால் எதையும் பார்க்க முடியாது. இந்த முறை தோற்பதற்கு நான் முதலில் வைக்கும் காரணம் இதுதான்.

லிக்னோகெயினுக்குக் கணக்கு வைத்துக்கொண்டே போக வேண்டும். பிரிட்டனின் கடினக் காற்றுவழிச் சங்கம் விழித்த நிலை முறைக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், கொழுப்பு நீங்கிய உடல் எடையில் கிலோவுக்கு 9 மி.கி.யை உச்ச வரம்பாக வைக்கிறது. இவருக்கு அந்த எடை சுமார் 50 கிலோ என்றால் 450 மி.கி. மூக்கில் 4% மருந்தில் நனைத்த பஞ்சு, 2 மி.லி., அது 80 மி.கி. வாயில் கிடைக்கும் இடைவெளி வழியாக 10% ஸ்ப்ரே நான்கு முறை, 40 மி.கி. கிரைக்கோதைராய்டு சவ்வு வழியாக மூச்சுக்குழாய்க்குள் 4% மருந்து 3 மி.லி., 120 மி.கி. ஸ்கோப் போகப் போக அதன் வழியே 2% மருந்து 2 மி.லி. வீதம் இரண்டு முறை, 80 மி.கி. கூட்டினால் 320. வரம்புக்குள் இருக்கிறோம், ஒரு இடத்தில் மரப்பு போதாவிட்டால் மீண்டும் விடவும் மிச்சம் இருக்கிறது. குரல்வளையின் மேல் நரம்பைக் கழுத்து வழியாக ஊசியால் மரக்கவைக்கும் முறையும் உண்டு, ஆனால் இவருக்கு வலது பக்கம் நெறிக்கட்டி இருப்பதால் அங்கே ஊசி குத்துவதை நான் தவிர்ப்பேன்.

லிக்னோகெயின் அளவு மீறினால் முதலில் வாயைச் சுற்றி மரத்துப்போகும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். இவர் வாயை நாமே மரக்க வைத்துவிட்டோம், ஆகவே அந்த அறிகுறி இங்கே பயன்படாது. காதில் இரைச்சல் கேட்கிறதா, தலை சுற்றுகிறதா, பேச்சு குழறுகிறதா என்று கவனியுங்கள். அதற்கு மாற்று மருந்தான 20% லிப்பிட் எமல்ஷன் எங்கே இருக்கிறது என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

மூச்சுக்குழாய் ஊசி போடும்போது சிரிஞ்சில் காற்று குமிழியாக வருவதை உறுதிசெய்து, அவர் மூச்சை வெளியே விட்டு முடிக்கும் கணத்தில் மருந்தைச் சட்டென்று செலுத்தி ஊசியை உடனே எடுத்துவிட வேண்டும். அடுத்து உள்ளிழுக்கும் மூச்சு மருந்தைக் கீழே கொண்டுபோகும், இருமல் மேலே தெளிக்கும். இந்த ஊசியில் இன்னொரு லாபமும் உண்டு. கத்தி தேவைப்பட்டால் எங்கே வைப்பது என்று உங்கள் விரலுக்கு அப்போதே தெரிந்துவிடும். கழுத்தைப் பின்னால் சாய்த்த நிலையில் அந்தச் சவ்வை மார்க்கரால் கோடிட்டு வைத்துவிடுங்கள். பெரியவர்களுக்கும் அதன் உயரம் ஏறக்குறைய ஒரு செ.மீ.தான், பதற்றத்தில் தேடும் இடமில்லை அது. பத்தாம் எண் பிளேடு, பூஜி, 6 எண் கஃப் உள்ள டியூப் மூன்றும் தட்டில் பிரித்து வைத்திருக்க, அறுவை நிபுணர் கையுறையோடு நிற்க வேண்டும்.

மயக்கத்தைத் தொடாத அமைதிக்கு டெக்ஸ்மெடிடோமிடின், கிலோவுக்கு 1 மைக்ரோகிராம், அதாவது 60 மைக்ரோகிராமைப் பத்து நிமிடத்தில் விடலாம். கூப்பிட்டால் கண் திறந்து பதில் சொல்லும் நிலைதான் எல்லை. மரப்பு போதாத குறையை அமைதி மருந்தைக் கூட்டி மறைக்கப் பார்ப்பது பெரிய தவறு. திமிறும் நோயாளிக்கு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கொடுத்தால் ஒரு கட்டத்தில் திமிறல் நிற்கும், மூச்சும் நிற்கும். அமைதி மருந்தைக் கவனிக்க ஸ்கோப் பிடிக்காத ஒருவர் தனியாக வேண்டும். மற்ற மூக்குத் துளை வழியாக ஆக்சிஜன் முழு நேரமும் ஓடட்டும்.

6 அல்லது 6.5 எண் டியூபை வெதுவெதுப்பான சலைனில் இளக்கி, ஜெல் தடவி, ஸ்கோப்பின் மேலே ஏற்றி வைத்துக்கொண்டு, ஸ்கோப்பை மூக்கின் தரையோடு ஒட்டி நகர்த்துங்கள். இந்த நோயாளிகளிடம் அண்ணம் விறைத்து, உள்நாக்கு சுருங்கி, தொண்டை வாசலே குறுகியிருக்கும். பழகிய படம் தெரியாது. மற்றவர்களுக்கு நாக்கை வெளியே இழுத்துப் பிடித்தால் இடம் கிடைக்கும், இவருக்கு நாக்கைப் பிடிக்கவே முடியாது. "நல்லா மூச்சை இழுங்க ஐயா" என்று சொல்வதுதான் இங்கே உதவி. இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் திறக்கும் கறுத்த இடத்தை நோக்கிப் போனால் குரல்நாண்கள் தெரியும். மருந்தைத் தெளித்து ஒரு நிமிடமாவது காத்திருந்து, உள்ளே போய் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தைப் பாருங்கள்.

ஸ்கோப் போய்விட்டது, டியூப் போகவில்லை என்ற நிலை அடிக்கடி வரும். டியூபின் சாய்வு நுனி பெரும்பாலும் வலது பக்க அரிட்டினாய்டு மேட்டில் முட்டி நிற்கும். தள்ளாதீர்கள். ஒரு செ.மீ. பின்னால் இழுத்து, கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த் திசையில் 90 பாகை திருப்பி, அவர் மூச்சை இழுக்கும்போது மெல்ல நகர்த்தினால் வழுக்கிக்கொண்டு போகும். ஸ்கோப்புக்கும் டியூபுக்கும் இடையே உள்ள இடைவெளி குறைவாக இருந்தால் இந்த முட்டல் குறையும். மெல்லிய ஸ்கோப்பின் மேல் பெரிய டியூபைத் திணிக்கப் பார்க்காதீர்கள். ஸ்கோப்பை எடுக்கும் முன் டியூபின் நுனிக்குக் கீழே மூச்சுக்குழாய் வளையங்கள் தெரிகின்றனவா என்று கண்ணால் பாருங்கள். பிறகு கேப்னோகிராஃபில் கார்பன் டை ஆக்சைடு அலை தொடர்ந்து வர வேண்டும். இரண்டும் உறுதியான பிறகே ப்ரோபோஃபால். அதற்கு முன் ஒரு சொட்டும் வேண்டாம்.

மூக்கில் ரத்தம், பலமுறை முயன்றும் குரல்வளை தெரியாமை, ஆக்சிஜன் அளவு சரிவு, இவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு, மரப்பு ஊசி போட்டு விழித்த நிலையிலேயே டிராக்கியாஸ்டமி செய்வது அடுத்த திட்டம். இதை முந்தைய நாளே அறுவை நிபுணரோடு பேசி, நோயாளியிடமும் சொல்லி, ஒப்புதல் படிவத்தில் எழுதியிருக்க வேண்டும்.

டியூப் போட்டதோடு திட்டம் முடிந்ததாக எண்ணுவது இன்னொரு ஆபத்து. அறுவை முடிந்தபின் வாயில் வீக்கம், இடைவெளியை அடைக்கும் சதைத் திட்டு, ரத்தக் கசிவு. மேசையில் தாடையின் ஒரு பகுதியை எடுத்ததால் வாய் கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருந்தாலும், மாலையில் அந்த இடத்தை வீக்கம் பிடித்துக்கொள்ளும். டியூபை எடுத்தபின் மூச்சு அடைத்தால் மீண்டும் போடுவது காலையில் போட்டதைவிடக் கடினம். பெரிய அறுவை என்றால் மேசையிலேயே டிராக்கியாஸ்டமி, அல்லது டியூபோடு ஐசியுவில் ஓர் இரவு. எடுக்கும்போது நன்றாக விழித்து, சொன்னதைச் செய்து, கஃபைச் சுருக்கினால் டியூபைச் சுற்றிக் காற்றுக் கசிவு கேட்க வேண்டும். தொண்டையில் வைத்த பேக்கை எடுத்தாயிற்றா என்று சத்தமாக ஒருமுறை கேளுங்கள். வாய் திறக்காதவருக்கு அதைப் பிறகு எட்டிப் பார்க்க வழியில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு சீட்டும் கொடுங்கள். வாய் திறப்பு எத்தனை மி.மீ., எந்த மூக்குத் துளை, எந்த எண் டியூப், எந்த முறை, எத்தனையாவது முயற்சியில் போனது, எங்கே முட்டியது. இவர் மறுபடி அறுவைக்கு வர நேரலாம். அப்போது கதிர்வீச்சு வாங்கிய கழுத்தோடு, இன்னும் குறுகிய வாயோடு, உங்களைத் தெரியாத வேறொரு மயக்க மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருப்பார்.